‘வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது’ - இதை எப்படிச் சொல்வது?

கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை இரவு, ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டுக்கு அக்காள் மகள் வந்தாள். ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு சேவை மையம் அவளுக்கு வேலை நியமனக் கடிதம் அனுப்பியிருந்தது. மாதச் சம்பளம் 3,800 ரிங்கிட். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அவள் மனமோ பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னியல் தொழிற்சாலையில் இருந்தது. அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலைக்கு இரண்டாவது நேர்காணல் முடிந்து 12 நாள் ஆகியும் பதில் இல்லை.

“மாமா, இதை அனுப்பட்டுமா?” என்று கைப்பேசியைக் காட்டினாள். ‘எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய்விடுவேன்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி வைத்திருந்தாள்.

“அனுப்பாதேம்மா” என்றேன். மனிதவளப் பிரிவில் 18 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்படிப்பட்ட செய்திகள் எனக்கும் வருவதுண்டு. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு அதில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ‘சரி, வாழ்த்துகள்’ என்று பதில் போட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுப்பதுதான் எளிது.

முதலில் தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று அவளுக்கு விளக்கினேன். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய காலம் முதல் அங்கே வெளிநாட்டு நிறுவனங்கள்தான் அதிகம். நேர்காணல் செய்த மேலாளர் ‘இவர் வேண்டும்’ என்று சொன்ன அன்றே கடிதம் வந்துவிடாது. பதவியின் படிநிலை, சம்பளம், அந்தப் பிரிவின் ஆள் எண்ணிக்கை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ஒப்புதல் வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், இன்னொருவர் அமெரிக்காவில் இருப்பார். யாராவது ஒருவர் விடுமுறையில் போனால் தாள் அங்கேயே நின்றுவிடும். பல நேரங்களில் நாங்கள் பதில் சொல்லாததற்குக் காரணம் வேண்டாம் என்பதல்ல. சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை என்பதுதான்.

அப்படி நிற்கும் தாளை நகர்த்த எங்களுக்கு ஒரு காரணம் வேண்டும். ‘இந்தப் பெண் செவ்வாய்க்கிழமைக்குள் வேறு இடத்தில் பதில் சொல்ல வேண்டுமாம்’ என்று மேலிடத்துக்கு எழுத முடிந்தால், அதுவே போதுமான காரணம். மிரட்டலை அப்படி மேலே அனுப்ப முடியாது. தேதியை அனுப்பலாம்.

ஆகவே முதலில் கையில் உள்ள கடிதத்துக்கு நாள் கேட்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை அவள் சேவை மையத்தை அழைத்து, நன்றி சொல்லி, ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்து வீட்டிலும் பேசிவிட்டுப் பதில் தர அடுத்த செவ்வாய் வரை நேரம் கிடைக்குமா என்று கேட்டாள். நண்பகல் 12 மணி வரை தந்தார்கள். இப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரு முறைதான் கேட்கலாம். கேட்டதையும் மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, நாம் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கும் வரை கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதனால் இழுத்துக்கொண்டே போவதில் ஆபத்து உண்டு.

அன்று மதியமே தொழிற்சாலையின் மனிதவள அதிகாரிக்கு மின்னஞ்சல் போனது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

‘வணக்கம். இரண்டாவது நேர்காணலுக்கு நன்றி. எனக்கு இன்னொரு நிறுவனத்தில் இருந்து நியமனக் கடிதம் வந்துள்ளது. வரும் செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேரவே நான் அதிகம் விரும்புகிறேன். அதனால் கையெழுத்திடும் முன் உங்களுக்குத் தெரிவிக்கிறேன். திங்கட்கிழமைக்குள் முடிவு தெரிய வாய்ப்பு உண்டா? ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் இன்றே அனுப்புகிறேன்.’

“சம்பளத்தைச் சொல்ல வேண்டாமா மாமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சம்பளத்தை எழுதினால் அதைவிடக் கூடுதலாகக் கேட்பது போல ஆகிவிடும். தொகையை மாற்ற நேர்ந்தால் ஒப்புதல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். விரைவு வேண்டும் என்றால் விரைவை மட்டும் கேட்க வேண்டும். முதல் நிறுவனத்தின் பெயரும் தேவையில்லை. ‘அதிகம் விரும்புகிறேன்’ என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். எங்களுக்கு அதுதான் முக்கியம். ஒப்புதலுக்கு ஓடியாடிய பிறகு அந்த நபர் வரமாட்டேன் என்றால், அடுத்த முறை யாருக்காகவும் மேலிடத்தில் பேச முடியாது.

புதன்கிழமை அதிகாரி அழைத்தார். ஏற்கெனவே கையெழுத்திட்டு விட்டாயா, எப்போது வேலையில் சேரலாம், அங்கே எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டார். கேட்டபோது அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கடிதத்தைக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நிறுவனத்தின் பெயரை மறைத்துக் காட்டலாம் என்று முடிவு செய்திருந்தோம். அவர் அதைக் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் பொய் மாட்டிக்கொள்ளும். 20 ஆண்டுகளுக்கு முன் நானே அதைச் செய்தேன். இல்லாத ஒரு வேலையைச் சொல்லி ஒரு நிறுவனத்தை அவசரப்படுத்தினேன். “நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதீர்கள்” என்று அன்போடு சொல்லி இணைப்பைத் துண்டித்தார்கள். திரும்ப அழைக்க எனக்கு முகமில்லை. ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை தொழிற்சாலை மேலாளரே அழைத்தார். ஒப்புதல் வந்துவிட்டது, கடிதம் தயாராகிறது என்றார். அவள் துள்ளிக் குதித்தாள். சேவை மையத்துக்கு உடனே ‘வரவில்லை’ என்று எழுதப் போனவளைத் தடுத்தேன். தொலைபேசியில் சொன்னது கடிதம் ஆகாது. பதவி, சம்பளம், தொடங்கும் நாள் மூன்றும் எழுத்தில் வரும் வரை முதல் கடிதத்தை விடக்கூடாது. வேலையில் இருப்பவர்கள் என்றால் அதுவரை ராஜினாமாவும் கொடுக்கக்கூடாது.

திங்கட்கிழமை மதியம் வரை ஒன்றும் வரவில்லை. மூன்று மணிக்கு அவள் ஒரே வரியில் நினைவூட்டினாள். நாலரை மணிக்குக் கடிதம் வந்தது. சம்பளம் 3,900 ரிங்கிட். இரவு இருவரும் உட்கார்ந்து படித்தோம். செவ்வாய் காலை கையெழுத்திட்டு அனுப்பி, கிடைத்தது என்று பதில் வந்த பிறகு, பத்து மணிக்குச் சேவை மையத்தை அழைத்து நன்றி சொல்லி மறுத்தாள். நண்பகல் வரை காத்திருக்காமல் சொன்னதால் அவர்கள் அடுத்தவரை அழைக்க முடிந்தது.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. அரசாங்க வேலைகளில் வரிசையும் நாளும் முன்பே வகுக்கப்பட்டவை. நம் கெடு அங்கே யாரையும் நகர்த்தாது. முதல் நேர்காணலே நடக்காத இடத்தில் முடிவைக் கேட்கவும் முடியாது. நேர்காணலை முன்கூட்டி வைக்க முடியுமா என்று மட்டும் கேட்கலாம். ‘எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்’ என்று பதில் வருவதும் உண்டு.

அந்தத் திங்கட்கிழமை மதியம் அவள் என்னிடம் கேட்டது அதைத்தான். “நாளைக்கும் கடிதம் வரலைன்னா என்ன மாமா பண்றது?” நான் சொன்னேன்: “கையில் இருப்பதில் கையெழுத்துப் போடும்மா. வரும் என்று நினைத்ததற்காக வந்ததை விடாதே.”