ஐந்து டாலர் சந்தாவில் கைக்கு வருவது எவ்வளவு?

2017 டிசம்பரில் பேட்ரியான் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் சேர்த்து ரசிகரிடமே வசூலிக்கப்படும், படைப்பாளிக்கு 95 சதவீதம் முழுதாகப் போய்ச் சேரும் என்றது அது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் மாதம் 1 டாலர் கொடுத்துவந்தவர் இனி 1.38 டாலர் கட்ட வேண்டும். பத்துப் படைப்பாளிகளுக்குத் தலா 1 டாலர் கொடுத்துவந்தவருக்கு 3.80 டாலர் கூடுதல் செலவு. ரசிகர்கள் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கினார்கள். படைப்பாளிகளே நிறுவனத்தின் மீது பாய்ந்தார்கள். சில நாட்களிலேயே நிறுவனர் ஜாக் கான்டே மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்.

சில சென்ட்டுகளுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? இணையத்தில் எழுதுபவர், பாடுபவர், பாட்காஸ்ட் நடத்துபவர் என எல்லோருடைய சந்தா வருமானமும் அந்தச் சில்லறையில்தான் தேய்கிறது.

கான்டே ஓர் இசைக்கலைஞர். யூடியூபில் அவருடைய காணொளிகளைப் பல லட்சம் பேர் பார்த்தும் விளம்பரத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது சொற்பம். பார்வையாளர்களில் சிலராவது நேரடியாகப் பணம் தருவார்கள் என்ற நம்பிக்கையில், சாம் யாம் என்ற நண்பருடன் சேர்ந்து 2013-ல் அவர் பேட்ரியானைத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஒரு படைப்பு வெளியாகும்போதெல்லாம் பணம் பிடிக்கும் முறையே முக்கியமாக இருந்தது. இன்று பெரும்பாலும் மாதச் சந்தாதான்.

படைப்பாளி ஒரு பதிவைப் போடும்போது அதை யார் பார்க்கலாம் என்பதையும் தேர்ந்தெடுக்கிறார். எல்லோருக்கும் திறந்துவிடலாம், பணம் கட்டும் அனைவருக்கும் என்று வைக்கலாம், அல்லது குறிப்பிட்ட தொகைக்கு மேல் கட்டுபவர்களுக்கு மட்டும் என்று பூட்டலாம். பணம் கட்டாதவருக்குத் தலைப்பும் பூட்டுக் குறியும் தெரியும், உள்ளே போக முடியாது. பாட்காஸ்ட் என்றால் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனி ரகசிய இணைப்பு தரப்படும். அதைத் தன் செயலியில் சேர்த்துக்கொண்டால் சந்தாதாரருக்கான பகுதிகள் தானாக வந்து இறங்கும்.

எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் முடிவு. எல்லாவற்றையும் பூட்டினால் புதியவர் யாரும் வந்து எட்டிப்பார்க்க மாட்டார். அமெரிக்காவின் 'சாப்போ டிராப் ஹவுஸ்' என்ற அரசியல் பாட்காஸ்ட் பிடித்த வழி எளிமையானது: ஒரு பகுதி எல்லோருக்கும் இலவசம், இன்னொரு பகுதி மாதம் 5 டாலர் கட்டுபவர்களுக்கு மட்டும். இலவசமாகக் கேட்டுப் பழகியவருக்கு, தான் தவறவிடுவது என்ன என்று துல்லியமாகத் தெரியும்.

அடுத்தது விலை. பெரும்பாலானோர் இரண்டு மூன்று விலை அடுக்குகளை வைக்கிறார்கள். கீழ் அடுக்கு ஆதரவு காட்ட நினைப்பவருக்கு, நடு அடுக்கு பூட்டிய பதிவுகளுக்கு, மேல் அடுக்கு நேரலை உரையாடல் போன்ற சலுகைகளுக்கு. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் மேல் அடுக்கில்தான். மாதாமாதம் கையெழுத்திட்ட அட்டை அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், ஆள் சேரச் சேர அஞ்சல் செலவும் வேலையும் கூடவே ஏறும். பூட்டிய பதிவு அப்படியல்ல. பத்துப் பேர் படித்தாலும் ஆயிரம் பேர் படித்தாலும் எழுதும் உழைப்பு ஒன்றுதான்.

இனி கணக்குக்கு வரலாம். 2025 ஆகஸ்டுக்குப் பிறகு பேட்ரியானில் புதிதாகத் தொடங்குபவரிடம் நிறுவனம் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. டாலர் கணக்கில், 3 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். 3 டாலரோ அதற்குக் குறைவோ என்றால் 5 சதவீதமும் 10 சென்ட்டும்.

ஒரு பாட்காஸ்டருக்கு நூறு சந்தாதாரர்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் 3 டாலர், 30 பேர் 5 டாலர், 10 பேர் 10 டாலர். மொத்தம் 430 டாலர். நிறுவனத்தின் பங்கு 43. பரிமாற்றக் கட்டணம் 3 டாலர்காரர்களிடம் தலா 25 சென்ட் வீதம் 15 டாலர், 5 டாலர்காரர்களிடம் 13.35, 10 டாலர்காரர்களிடம் 5.90. எல்லாம் போக மிஞ்சுவது 352.75 டாலர். நிறுவனம் விளம்பரத்தில் சொல்வது 10 சதவீதம் என்றாலும், உண்மையில் கழிந்தது ஏறக்குறைய 18 சதவீதம். இதை வங்கிக்கோ பேபாலுக்கோ மாற்றும் கட்டணமும், நாணய மாற்றுச் செலவும், வருமான வரியும் இதன் பிறகுதான் வரும்.

அந்த 30 சென்ட்தான் வில்லன். தொகை எவ்வளவு சிறியதானாலும் அது குறையாது. 20 டாலர் சந்தாவில் மொத்தக் கழிவு 14 சதவீதத்துக்குச் சற்று மேல். 5 டாலரில் கிட்டத்தட்ட 19. 4 டாலரிலோ 20-ஐயும் தாண்டுகிறது. இதில் ஒரு விநோதமும் உண்டு: 3 டாலர் வைத்தால் கையில் 2.45 நிற்கும். ஆசைப்பட்டு 3.10 என்று வைத்தால் பெரிய கட்டணம் பொருந்தி, கையில் சுமார் 2.40 மட்டுமே நிற்கும். விலையைக் கூட்டி வருமானத்தைக் குறைத்துக்கொண்ட கதை. அதனால் விலை வைக்கும்போது ஒன்று 3-இலேயே நிற்பது நல்லது, இல்லையேல் துணிந்து 5-க்குப் போய்விடுவது நல்லது.

ஆண்டுச் சந்தா இந்தக் கழிவைச் சற்றுக் குறைக்கும். மாதம் 5 டாலர் என்றால் ஆண்டில் பன்னிரண்டு முறை பரிமாற்றக் கட்டணம், மொத்தம் 5.34 டாலர். 60 டாலரை ஒரே தவணையில் வாங்கினால் 2.04 டாலரோடு முடிந்தது. காலாவதியான அட்டையால் நடுவில் பணம் வராமல் போகும் தொல்லையும் குறையும். மாதச் சந்தாவில் அது அடிக்கடி நடப்பது. அட்டை மறுக்கப்பட்டால் பேட்ரியான் மீண்டும் முயன்று பார்க்கும், அப்போதும் வராவிட்டால் அந்த ரசிகருக்குப் பதிவுகள் பூட்டிக்கொள்ளும். விலக வேண்டும் என்று நினைக்காமலே விலகியவர்கள் இவர்கள்.

ரசிகர் எந்த வழியாகச் சேர்கிறார் என்பதும் கணக்கை மாற்றும். ஐபோன் செயலிக்குள் ஆப்பிளின் கட்டண முறை வழியாகச் சேர்ந்தால், ஆப்பிள் 30 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். 5 டாலர் சந்தாவில் அது 1.50. அதை ரசிகர் தலையில் வைத்து, படைப்பாளிக்கு அதே 5 மிஞ்சச் செய்ய வேண்டுமானால் செயலியில் விலை 7.14-ஐத் தொட வேண்டும். எனவேதான் பலர் தங்கள் காணொளிகளிலும் பாட்காஸ்ட்களிலும் "பிரவுசரில் போய்ச் சேருங்கள்" என்று சொல்கிறார்கள்.

தமிழ் சேனல்கள் பலவற்றில் தென்படும் 'ஜாயின்' பொத்தான் யூடியூபின் சொந்தச் சந்தா முறை. அங்கே வரி முதலியவை போக எஞ்சியதில் 70 சதவீதம் படைப்பாளிக்கு, 30 யூடியூபுக்கு. 5 டாலர் அளவில் பேட்ரியானைவிட இது பாதகம்தான். ஆனால் பார்வையாளர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார், வேறு தளத்துக்கு அழைத்துப்போகும் சிரமமில்லை. இதற்கு ஈடாக இழப்பது ஒன்று உண்டு. பேட்ரியானில் சந்தாதாரர்களின் மின்னஞ்சல் முகவரிகளைப் படைப்பாளி பட்டியலாகவே இறக்கிக்கொள்ளலாம். தளம் கட்டணத்தை உயர்த்தினால், அந்தப் பட்டியலோடு வேறிடம் போக வழியுண்டு. யூடியூப் தன் உறுப்பினர்களின் முகவரிகளைத் தருவதில்லை.