பேட்டரி தீர்ந்த நொடியில் நின்றுபோன வீடியோ

படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்துவிடுகிறது. கார்டைக் கணினியில் போட்டால் கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்க மறுக்கிறது. பெரும்பாலும் படம் அழிந்திருக்காது. கேமராக்கள் பதியும் MP4, MOV கோப்புகளில் `mdat` என்ற பகுதியில் படமும் ஒலியும் வரிசையாகக் கொட்டப்படும். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த முறையில் சுருக்கப்பட்டது என்ற விவரமெல்லாம் `moov` என்ற சிறு பகுதியில் இருக்கும். பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகுதான் பல கேமராக்கள் அந்த `moov` பகுதியை எழுதி முடிக்கின்றன. அதற்குள் மின்சாரம் போய்விட்டால் பட்டியல் இல்லாத கோப்புதான் மிஞ்சும். `ffprobe` கொண்டு சோதித்தால் "moov atom not found" என்று வரும்.

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். ஆண்டு விழாவில் குழந்தையின் நடனத்தை 9 நிமிடம் எடுத்ததாகவும், கேமரா நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிந்ததாகவும் வைத்துக்கொள்வோம். 8 பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 6.25 மெகாபைட், 9 நிமிடத்துக்குச் சுமார் 3.4 ஜிகாபைட். கோப்பு ஏறக்குறைய அந்த அளவில் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். 0 என்று காட்டினால் கோப்பின் அளவைக்கூடக் கார்டில் குறிக்கக் கேமராவுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போதும் தரவு கார்டில் கிடக்கக்கூடும், ஆனால் கோப்பை மட்டும் நகலெடுத்துப் பயனில்லை. கார்டு முழுவதையும் அப்படியே பிரதியெடுத்து, அதற்குள் தேடவேண்டும். அது கடினமான வேலை. தரவு துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் இன்னும் கடினம்.

எப்படியானாலும் அந்தக் கார்டில் இனி எதையும் பதியக்கூடாது. எஸ்.டி. கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டை நகர்த்திவிட்டுக் கணினியில் செருகுங்கள். "பிழை இருக்கிறது, சரிசெய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பழுதுபார்ப்பு உங்கள் வீடியோவுக்காக நடப்பதல்ல, கார்டின் கணக்கை நேர்செய்யத்தான். அதில் கோப்பு வெட்டுப்படலாம். நகல் எடுத்த பிறகு பூட்டைத் திறந்து, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு அதே கேமராவில் கார்டைப் போட்டுப் பார்க்கலாம். கோ-ப்ரோ போன்ற சில கேமராக்கள் பாதியில் நின்ற கோப்பைக் கண்டால் தாமே சீர்செய்ய முயலும்.

அது நடக்காவிட்டால் கணினியில்தான் சரிசெய்ய வேண்டும். வி.எல்.சி. இயக்கியில் ஒரு பழுதுபார்ப்பு வசதி உண்டு, ஆனால் அது AVI கோப்புக்கானது. கோப்பின் பெயரை மாற்றுவதும் வேறு வடிவத்துக்கு மாற்ற முயல்வதும் வீண். பட்டியல் இல்லாமல் எந்த மென்பொருளுக்கும் தொடக்கம் புரியாது. இதற்கென்றே இருப்பது `untrunc` என்ற இலவச மென்பொருள். புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஓலைச்சுவடியை, அதே கையெழுத்திலுள்ள இன்னொரு சுவடியை அருகில் வைத்துக்கொண்டு பிரித்துப் படிப்பதுபோல இது வேலை செய்கிறது. அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைக் கொடுத்தால், சுருக்கமுறை விவரங்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, உடைந்த கோப்பில் ஒவ்வொரு காட்சியும் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் புதிய பட்டியலை எழுதும்.

```
untrunc good.MP4 broken.MP4
```

இந்த நல்ல கோப்பில்தான் பலர் தவறுகிறார்கள். கேமரா ஒன்றாக இருந்தால் போதாது. தெளிவுத்திறன், நொடிக்கு எத்தனை காட்சி, சுருக்கமுறை, ஒலி அமைப்பு எல்லாம் அன்று இருந்தபடியே இருக்கவேண்டும். அதே விழாவில் முன்பு எடுத்த ஒரு துண்டு இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. இல்லையென்றால் வேறொரு கார்டைப் போட்டு ஓரிரு நிமிடம் எதையாவது பதியுங்கள். அமைப்பு பொருந்தாவிட்டால் படம் சாம்பலாகவோ பச்சைக் கட்டங்களாகவோ வரும். சில சமயம் எதுவுமே வராது. உடனே கோப்பைக் குறைசொல்லாமல், வேறு அமைப்பில் இன்னொரு மாதிரி பதிந்து மறுபடி முயலுங்கள்.

பணம் கேட்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகின்றன. முன்னோட்டம் காட்டிய பிறகே சேமிக்கப் பணம் கேட்பதை மட்டும் நம்பலாம்.

மீண்ட கோப்பைத் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களிலும் பாருங்கள். கடைசி ஓரிரு நொடிகள் குறையலாம். அணைந்த நேரத்தில் அவை கேமராவின் நினைவகத்திலேயே இருந்து, கார்டுக்கு வராமலே போயிருக்கும். அதிகம் சிக்கல் தருவது ஒலிதான். சுருக்கப்படாத ஒலிக்குள் 'இங்கே தொடங்குகிறேன்' என்று காட்டும் அடையாளம் ஏதும் இல்லாததால், மென்பொருள் அதன் எல்லையைத் தவறாகக் கணிக்கிறது; படம் சரியாக ஓட, தாளம் மெல்லப் பின்தங்கும். அப்படியானால் மேடைக்கு அருகில் யாராவது கைபேசியில் எடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அந்த ஒலியை எடிட்டிங்கில் படத்தோடு பொருத்துவது, கெட்ட ஒலியோடு மல்லுக்கட்டுவதைவிடச் சுலபம்.