நாலு பக்கமும் தெரிந்தால் பரப்பு தெரிந்துவிடுமா?

கோணல் மனையை அளக்கும்போது பலரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்குவது, கிடைத்த இரண்டு சராசரிகளையும் பெருக்குவது. நான்கு மூலையும் மூலைமட்டத்துக்குச் சரியாக இருந்தால் இது சரி. மற்ற எந்த நாலுபக்க மனைக்கும் விடை கூடுதலாகத்தான் வரும், ஒருபோதும் குறைந்து வராது. கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர் இதைத் தோராயக் கணக்கு என்றுதான் குறித்திருக்கிறார். சென்ட் கணக்கில் விலை பேசும் இடத்தில், அந்தக் கூடுதலுக்கும் வாங்குபவர் பணம் தருகிறார்.

கயிறு கட்டாத கட்டில் சட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால் சாய்ந்துகொள்ளும். சட்டங்களின் நீளம் மாறாது, உள்ளே இருக்கும் இடம் மட்டும் குறையும். மனையும் அப்படித்தான். பக்க அளவு மட்டும் போதாது, ஒவ்வொரு மூலையும் எங்கே நிற்கிறது என்பது தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு எல்லைக்கல்லைத் தொடக்கமாகவும், அதிலிருந்து போகும் ஒரு பக்கத்தை அடிக்கோடாகவும் வைத்துக்கொள்ளலாம். மற்ற ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: அடிக்கோட்டின் வழியே எத்தனை மீட்டர், அங்கிருந்து செங்குத்தாக எத்தனை மீட்டர். செங்குத்தைப் பிடிக்க 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போதும்.

ஒரு மனையை இப்படி அளந்ததாக வைத்துக்கொள்வோம்:

அ (0, 0)
ஆ (40, 0)
இ (56, 30)
ஈ (10, 24)

இனி மூலைகளை வரிசையாகச் சுற்றிவர வேண்டும். ஒரு மூலையின் முதல் எண்ணை அடுத்த மூலையின் இரண்டாம் எண்ணோடு பெருக்க வேண்டும். அடுத்த மூலையின் முதல் எண்ணை இந்த மூலையின் இரண்டாம் எண்ணோடு பெருக்கி, அதை முந்தையதிலிருந்து கழிக்க வேண்டும். கடைசி மூலையிலிருந்து முதல் மூலைக்கும் இதையே செய்து சுற்றை மூட வேண்டும்.

அ–ஆ: 0×0 − 40×0 = 0
ஆ–இ: 40×30 − 56×0 = 1200
இ–ஈ: 56×24 − 10×30 = 1044
ஈ–அ: 10×0 − 0×24 = 0

கூட்டினால் 2244. அதில் பாதி 1122 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால், மனை ஏறத்தாழ 27.7 சென்ட்.

இதே மனையின் பக்கங்கள் 40, 34, 46.4, 26 மீட்டர். சராசரிக் கணக்கில் 43.2 × 30 = 1296 சதுர மீட்டர், அதாவது 32 சென்ட். இல்லாத நிலம் நாலு சென்ட்டுக்கும் மேல்.

குறுக்குப் பெருக்கல் ஏன் சரியாக வருகிறது? ஒவ்வொரு வரியின் விடையும், தொடக்கப் புள்ளியோடு அந்த இரண்டு மூலைகள் சேர்ந்த முக்கோணத்தின் பரப்பைப் போல இரண்டு மடங்கு. இங்கே 600, 522 என இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து 1122 ஆகின்றன. மனை உள்வாங்கி வளைந்திருந்தால் சில வரிகள் கழித்தல் குறியோடு வந்து, வெளியே போன அளவைத் தாமாகவே குறைத்துவிடும். அதனால் ஐந்து மூலையானாலும் பத்து மூலையானாலும் முறை மாறாது.

பிசகுவது பெரும்பாலும் வரிசையில்தான். மேலே இ-யையும் ஈ-யையும் இடம் மாற்றி எழுதிப் பாருங்கள்: விடை −42, கிட்டத்தட்ட ஒரு சென்ட். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதால் ஒரு பகுதி மற்றதை விழுங்கிவிட்டது. குறி மட்டும் கழித்தலாக வந்து, எண் சரியாக இருந்தால் பயமில்லை, வலமாகச் சுற்றியிருக்கிறீர்கள் என்றுதான் பொருள். அளவைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. எண்களின்படி ஆ–ஈ மூலைவிட்டம் 38.4 மீட்டர் வர வேண்டும். டேப்பை நேராகப் பிடித்துப் பார்த்து வேறு அளவு வந்தால், ஒரு கல்லின் எண் தவறு.

செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே இதில் போடக் கூடாது. அவை பாகைகள், மீட்டர் அல்ல. மீட்டராக மாற்றினாலும் செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும். இந்த மனையில் இ மூலை 3 மீட்டர் விலகினாலே 1.4 சென்ட் வரை மாறக்கூடும். கணக்கு எவ்வளவு துல்லியமானாலும் அளவை மிஞ்சாது.

வந்த விடையைப் பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஹெக்டேர்–ஏர்ஸ் கணக்கில் இருக்கும், 1122 சதுர மீட்டர் அங்கே 0.11.22 என்று தெரியும். இரண்டும் ஒத்துவராவிட்டால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே புலப்படத்தை வாங்கி, நில அளவரை வைத்துக் கற்களைச் சரிபார்க்க வேண்டும். கல் இடம் மாறி நட்டிருந்தால், அந்தத் தவறான எல்லைக்கும் இந்தக் கணக்கு பிசகாமல் பரப்புச் சொல்லிவிடும்.