எட்டுக்கு எட்டு சரியா?

போத்தனூரிலிருந்து கோவை மாரத்தானுக்குத் தயாராகிறீர்களா? பழைய ஷூ 8 என்பதால் வேறு பிராண்டிலும் கண்ணை மூடிக்கொண்டு 8 வாங்காதீர்கள். ஆண்களுக்கான பிரிட்டன் அளவு 8 என்பது அடிடாஸில் 26.5 செ.மீ., நைக்கியிலும் ஆசிக்ஸிலும் 27!

ஷூவின் நாக்குப் பட்டைக்குள் இருக்கும் லேபிளில் செ.மீ. அளவைப் பாருங்கள் (265 என்றிருந்தால் அது மில்லிமீட்டர்). கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, நீளமான விரல்வரை இரு பாதங்களையும் அளந்து, பெரியதையே கணக்கில் கொள்ளுங்கள். போட்டுப் பார்க்கும்போது முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும்.

ஈரக்காலைத் தரையில் வைத்தால் முழுப் பாதமும் பதிகிறதா? அது தட்டைப் பாதம். ஓரத்தில் இறுக்கினால் பெரிய நம்பருக்குத் தாவாதீர்கள். குதிகால் வழுக்கிக் கொப்புளம்தான் வரும். அதே நம்பரில் 'வைடு' கேளுங்கள்.