வந்த வாசலும் திரும்பும் வாசலும்

ஓர் அலுவலகத்தில் லினக்ஸ் சர்வர் ஒன்று ஓடுகிறது. இருக்கும் இணைய இணைப்பு அடிக்கடி படுத்துவிடுகிறது என்று வேறொரு நிறுவனத்திடம் இரண்டாவது இணைப்பும் வாங்கியாயிற்று. சிஸ்டம் பார்ப்பவர் கம்பியைச் செருகி, முகவரி கொடுத்துவிட்டு, தன் கைபேசியிலிருந்து புது முகவரிக்குப் பிங் அடிக்கிறார். பதில் இல்லை. ஃபயர்வாலைப் பார்க்கிறார், தடை ஏதும் இல்லை. கடைசியில் tcpdump ஓட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பாக்கெட்டுகள் நொடிக்கு ஒன்றாக வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. திரும்பிப் போவதுதான் ஒன்றுகூட இல்லை. பிழைச் செய்தி என்று எதுவும் திரையில் வரவும் இல்லை.

பாக்கெட்டை விழுங்கியது ஃபயர்வால் அல்ல, லினக்ஸின் கெர்னல். rp_filter என்ற பெயரில் அதற்குள் ஒரு காவல் இருக்கிறது. tcpdump வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்கும் கருவி. வருவதெல்லாம் அதன் கண்ணில் படும். rp_filter நிற்பது அதற்கும் உள்ளே, பாக்கெட்டை எங்கே அனுப்புவது என்று கெர்னல் முடிவெடுக்கும் இடத்தில். அதனால்தான் வந்தது தெரிகிறது, மறைந்தது தெரிவதில்லை.

இந்தக் காவல் ஏன் தேவைப்பட்டது? இணையத்தில் ஒரு பாக்கெட் பயணப்பட, போய்ச் சேரும் முகவரி சரியாக இருந்தால் போதும். அனுப்புநர் முகவரியை வழியில் இருக்கும் ரூட்டர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அங்கே யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை முடக்கியவர்கள் இதைத்தான் செய்தார்கள். பொய் முகவரிகளிலிருந்து இணைப்புக் கோரிக்கைகள் கொட்டின. சர்வர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பிவிட்டு, வராத மறுபதிலுக்காகக் காத்துக் காத்து, உண்மையான வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் போயின.

பிறகு வந்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். தாக்க வேண்டியவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு, ஊரிலுள்ள சர்வர்களிடமெல்லாம் சின்னக் கேள்வி கேட்டார்கள்; பெரிய பெரிய பதில்கள் அவர் தலையில் போய் விழுந்தன. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின் மேல் நொடிக்கு 1.35 டெராபிட் அளவுக்குப் பாய்ந்தது இந்த வகை வெள்ளம்தான். தற்காலிகத் தரவை நினைவில் வைத்துத் தரும் மெம்கேஷ்டு என்ற மென்பொருளை அதற்குப் பயன்படுத்தினார்கள். அதனிடம் ஒரு பைட் கேட்டால், மோசமான நிலையில் 51,000 பைட் வரை பதில் வரும்.

பொய்யைப் பிறந்த இடத்திலேயே பிடியுங்கள் என்று இணையச் சேவை நிறுவனங்களுக்குச் சொன்ன ஆவணம் ஆர்.எஃப்.சி. 2827. அது வெளியானது 2000 மே மாதம். உன் வாடிக்கையாளருக்கு நீ கொடுக்காத முகவரியை அனுப்புநராகப் போட்டு ஒரு பாக்கெட் அவரிடமிருந்து வந்தால், வெளியே விடாதே என்பதே அதன் சாரம். ஆனால் யாருக்கு எந்த முகவரி என்று பட்டியல் எழுதி, அதை நாள்தோறும் திருத்திக்கொண்டிருப்பது பெரும் தொல்லை. rp_filter அந்தப் பட்டியலைக் கேட்பதில்லை. கெர்னலிடம் ஏற்கனவே ஒரு பட்டியல் இருக்கிறது: எந்த முகவரிக்கு எந்த வாசல் வழியே போக வேண்டும் என்று சொல்லும் ரூட்டிங் டேபிள். பாக்கெட் உள்ளே வந்ததும் கெர்னல் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது. ‘இவருக்கு நான் பதில் எழுதினால் எந்த வாசல் வழியே போகும்?’ அந்த வாசலும் பாக்கெட் வந்த வாசலும் ஒன்றானால் உள்ளே விடும். இல்லையென்றால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

ஒரு சின்ன இணைய நிறுவனத்தின் ரூட்டரை நினைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் இருக்கும் பக்கம் lan0, வெளியுலகப் பக்கம் wan0. வாடிக்கையாளர்களுக்கு 198.51.100 என்று தொடங்கும் முகவரிகள். அவர்களில் ஒருவர் வீட்டுக் கேமராவில் வைரஸ் புகுந்து, 203.0.113.77 என்ற வெளியூர் முகவரியை அனுப்புநராகப் போட்டு ஒரு பாக்கெட் விடுகிறது. அந்த முகவரிக்குப் பதில் போனால் wan0 வழியே போகும்; பாக்கெட் வந்ததோ lan0 வழியே. கதை முடிந்தது. அதே கேமரா பக்கத்து வீட்டு முகவரியான 198.51.100.9 என்று பொய் சொன்னால்? அதற்கும் வாசல் lan0 தான். பாக்கெட் தாராளமாக உள்ளே போகும். ஆக, இந்தக் காவலுக்குத் தெரிந்தது திசை மட்டுமே. ஆளை அடையாளம் காண அதற்குத் தெரியாது.

இப்போது அலுவலகத்துக்குத் திரும்புவோம். பழைய இணைப்பு eth0. அதன் முகவரி 203.0.113.10. வெளியே போவதெல்லாம் இயல்பாக அந்த வழியில்தான். புது இணைப்பு eth1, முகவரி 198.51.100.20. கைபேசியின் முகவரி 192.0.2.55 என்று வைத்துக்கொள்ளலாம். கெர்னல் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியை நாமும் அதனிடம் கேட்க ஒரு வழி உண்டு.

```
ip route get 192.0.2.55 from 198.51.100.20
192.0.2.55 from 198.51.100.20 via 203.0.113.1 dev eth0
```

பதில் eth0 வழியே போகுமாம். பாக்கெட் வந்ததோ eth1 வழியே. பொய் சொல்லாத கைபேசியும் பொய்யன் ஆகிவிட்டது. சந்தேகத்தை உறுதி செய்ய ஓர் எண்ணி இருக்கிறது. பிங் அடிக்க அடிக்க இந்த எண் ஏறினால் திருடன் அகப்பட்டான்:

```
nstat -az TcpExtIPReversePathFilter
```

log_martians என்ற அமைப்பை 1 ஆக்கினால் கெர்னல் குறிப்பேட்டில் எழுதியும் வைக்கும். செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தது போல, இருக்கவே முடியாத முகவரி என்பதால் இத்தகைய பாக்கெட்டுக்கு ‘மார்ஷியன்’ என்று பெயர்.

```
IPv4: martian source 198.51.100.20 from 192.0.2.55, on dev eth1
```

இந்த வரி பலரை ஏமாற்றியிருக்கிறது. ‘source’ என்ற சொல்லை அடுத்து நிற்பதுதான் அனுப்புநர் என்று யாரும் நினைப்பார்கள். அது பாக்கெட் போய்ச் சேர வேண்டிய முகவரி. அனுப்புநர் ‘from’ என்பதற்குப் பின்னால் இருக்கிறார். சொந்த சர்வரின் முகவரியை யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறுவதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

காரணம் தெரிந்ததும் பலர் கை போகும் இடம், காவலை அணைத்துவிடுவது. அங்கேயும் ஒரு பொறி. rp_filter அமைப்பு ஒவ்வொரு வாசலுக்கும் தனியாக ஒன்றும், all என்ற பொதுப் பெயரில் ஒன்றுமாக இருக்கிறது. 0 என்றால் காவல் இல்லை. 1 என்றால் இதுவரை சொன்ன கடுமையான முறை. 2 என்றால் தளர்ந்த முறை. இரண்டு இடத்து எண்களில் எது பெரிதோ அதையே கெர்னல் எடுத்துக்கொள்ளும். all இடத்தில் 1 இருக்கும்போது eth1 இடத்தில் 0 என்று எத்தனை முறை எழுதினாலும் காவல் நகராது. மாறாக eth1 இடத்தில் 2 என்று எழுதினால் தளர்ந்துவிடும், 2 பெரிது என்பதால்.

சரி, தளர்த்தியாயிற்று, பிங்குக்குப் பதில் வருமா? வராமல் போகவே வாய்ப்பு அதிகம். பதில் இப்போது eth0 வழியே கிளம்புகிறது, ஆனால் அதன் அனுப்புநர் முகவரி 198.51.100.20. பழைய இணைப்பு நிறுவனம் அந்த முகவரியை இவருக்குக் கொடுக்கவில்லை. ஆர்.எஃப்.சி. 2827 சொன்னபடி நடக்கும் நிறுவனமாக இருந்தால் அதன் ரூட்டர் பதிலைக் கீழே போட்டுவிடும். முன்பு தன் சர்வரில் தொலைந்தது இப்போது அடுத்தவர் ரூட்டரில் தொலைகிறது. அங்கே எண்ணியும் இல்லை, குறிப்பேடும் இல்லை. கெர்னல் முதலிலேயே காட்டிக்கொடுத்த கோளாறு உண்மையான கோளாறுதான்.

சரியான மருந்து, வந்த வாசலிலேயே பதிலை அனுப்பச் சொல்வது. இதற்கு இரண்டு வரி போதும். முதல் வரி 100 என்ற எண்ணில் தனி ரூட்டிங் டேபிள் ஒன்றைத் திறந்து, அதில் எல்லாம் eth1 வழியே என்று எழுதுகிறது. இரண்டாவது வரி, 198.51.100.20 என்ற முகவரியிலிருந்து கிளம்புவதெல்லாம் அந்த டேபிளைப் பார்க்கட்டும் என்கிறது.

```
ip route add default via 198.51.100.1 dev eth1 table 100
ip rule add from 198.51.100.20 table 100
```

மறுபடி ip route get கேட்டால் இப்போது dev eth1 என்று பதில் வரும். காவலை 1 என்ற கடுமையிலேயே விட்டாலும் பிங் ஓடுகிறது. கெர்னல் திருப்பிப் போட்டுப் பார்க்கும்போது, வந்த பாக்கெட்டின் பெறுநரைப் பதிலின் அனுப்புநராக வைத்துத்தான் தேடுகிறது. ஆகவே புது விதி காவலுக்கும் பொருந்திவிடுகிறது. இந்த வரிகள் மெஷினை மறுபடி ஆன் செய்தால் அழிந்துவிடும். நிலைக்க வேண்டுமென்றால் நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் ஏற்ற வேண்டும்.

தளர்ந்த முறையைப் பற்றி ஒரு வார்த்தை. அனுப்புநருக்கு ஏதாவது ஒரு வாசல் வழியே வழி இருந்தால் போதும் என்பது அதன் சட்டம். இணையத்தின் மொத்த ரூட்டிங் டேபிளையும் வைத்திருக்கும் பெரிய ரூட்டரில், யாருக்கும் ஒதுக்காத முகவரிகளைப் பிடிக்க அது உதவும். ‘மற்றதெல்லாம் இந்த வழியே’ என்ற ஒரு வரி வைத்திருக்கும் சாதாரண சர்வரிலோ எல்லா முகவரிக்கும் வழி இருக்கிறது. ஏறக்குறைய எதுவும் சிக்காது. அப்படியும் 2018 இறுதியில் வந்த சிஸ்டம்டி 240, இயல்பான அமைப்பை 1 இலிருந்து 2 ஆக்கியது. வைஃபையும் கம்பியும் ஒரே நேரத்தில் செருகிய மடிக்கணினிகளுக்கு அது சௌகரியம். மறு ஆண்டே, விபிஎன் சுரங்கத்துக்குள் இருக்கும் முகவரியைப் பக்கத்து வைஃபையிலிருந்து துழாவிக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். CVE-2019-14899 என்று பதிவான அந்தக் குறையை விவரித்தபோது இந்த மாற்றத்தையும் அவர்கள் குறிப்பிட்டார்கள்.

இதெல்லாம் ஐபி நான்காம் பதிப்புக்கு. ஆறாம் பதிப்புக்குக் கெர்னலில் rp_filter என்ற அமைப்பே கிடையாது. அந்தப் பக்கம் பொய் முகவரியைத் தடுக்க ஃபயர்வாலில்தான் எழுத வேண்டும். nftables மொழியில் அது ஒரே வரி:

```
fib saddr . iif oif missing drop
```

அதற்கு முன்னால், அக்கம்பக்கத்து மெஷினையும் ரூட்டரையும் கண்டறிய உதவும் ஐசிஎம்பி செய்திகளை அனுமதிக்கும் வரி ஒன்று நிற்க வேண்டும். ஆறாம் பதிப்பில் ஒரு மெஷின் தன் முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரிக்கும்போது, அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டுத்தான் கேட்கும். காலி முகவரிக்குத் திரும்பும் வாசல் ஏது?