"யோசித்துச் சொல்கிறேன் சார்"

எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்த் தம்பி ஒருவர், மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். வேறிடத்தில் 19 லட்சத்துக்கு வேலை கிடைத்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நோட்டீஸ் காலம் 90 நாள். இரண்டாம் வாரம் மேலாளர் தனியே கூப்பிட்டு, "உங்கள் 15 லட்சத்தை நாங்களும் 19 ஆக்குகிறோம், போகாதீர்கள்" என்றார். தமக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரிடம் முகத்துக்கு நேரே மறுக்கக் கூசி, "யோசித்துச் சொல்கிறேன் சார்" என்று தம்பி வந்துவிட்டார்.

பத்து நாளாயிற்று. ராஜினாமாவை ஏற்றதாகக் கடிதம் வரவில்லை. புதிய வேலைப் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. கவலையோடு என்னிடம் வந்தார்.

ரயில்வேயில் லைன் கிளியர் கிடைக்காமல் வண்டி புறப்படாது. ராஜினாமாவும் ஏறக்குறைய அப்படித்தான். கொங்கண் ரயில்வே ஊழியர் ஒருவர் 2013 டிசம்பரில் ராஜினாமா கொடுத்தார். 2014 ஏப்ரலிலேயே அதை ஏற்றுவிட்டதாக நிர்வாகம் சொன்னது. ஆனால் அதன் பிறகும் அவரை வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. மே மாதம் அவர் ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். ஏற்புக் கடிதம் அவர் கைக்குச் சேர்ந்ததற்குச் சான்று இல்லை என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் இருக்க விரும்பியவர், நம் தம்பி போக விரும்புகிறவர். ஆனாலும் விஷயம் ஒன்றே: ஏற்புக் கடிதம் கைக்கு வரும்வரை இரு தரப்புக்கும் கதவு பாதி திறந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் "யோசிக்கிறேன்" என்றால், இருக்கப்போகிறார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

மறுநாள் தம்பி மேலாளரை நேரில் பார்த்தார். "நீங்கள் கேட்டதே எனக்குப் பெருமை சார். ஆனால் அங்கே வாக்குக் கொடுத்துவிட்டேன், போகத்தான் போகிறேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்" என்றார். "எவ்வளவு கொடுத்தால் இருப்பீர்கள்?" என்று கேள்வி வந்தது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் பேரம் தொடங்கிவிடும். புதுக் கம்பெனியைக் குறை சொன்னாலும், பழையதைக் குறை சொன்னாலும் அதற்கும் பதில் வரும். தம்பி, "தொகை காரணமில்லை சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். (சம்பளம்தான் குறை என்றால் ராஜினாமாவுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.)

அன்று மாலையே மனிதவளப் பிரிவுக்கும் நகல் வைத்து நாலு வரி எழுதினார்: நன்றி, சலுகையை ஏற்க இயலாமை, கடைசி வேலை நாளின் தேதி, ஏற்புக் கடிதம் வேண்டும் என்ற கோரிக்கை. கூடவே, எந்த வேலையை யாரிடம் எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பேன் என்று ஒரு பட்டியல். மேலாளரின் மனத்தாங்கலைக் குறைத்தது அந்தப் பட்டியல்தான். ஆள் போகிறான் என்பதைவிட, பாதியில் விட்டுப் போகிறானோ என்பதே அவர் கவலை.

மூன்றாம் நாள் ஏற்புக் கடிதம் வந்தது. கடைசி நாளன்று மேலாளரே தம்பியை இரானி டீ குடிக்க அழைத்துப் போனாராம்.