39 நாளில் நின்றுபோன மசாலை மில்: உற்பத்தியாளருக்கு உத்தரவாதக் கடிதம் எழுதுவது எப்படி?

பேராக்கில் ஒரு சிறு பட்டணத்தில், கணவன் மனைவி இருவர் நடத்தும் மசாலை மில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுப்பது தொழில். கூட்டுறவுக் கடன் வாங்கி, 12,000 வெள்ளிக்குப் புதிய அரைவை இயந்திரம் ஒன்றைச் சிலாங்கூரில் உள்ள உற்பத்தியாளரிடமே நேரடியாக வாங்கினார்கள். 7.5 குதிரைத்திறன் மோட்டார், மூன்று ஃபேஸ் மின்சாரம், 12 மாத உத்தரவாதம். மார்ச் 3-ஆம் தேதி பொருத்தப்பட்ட இயந்திரம், ஏப்ரல் 11-ஆம் தேதி காலை 10.20 மணிக்குக் கருகிய வாடையோடு நின்றது. சித்திரைப் புத்தாண்டுக்கு மூன்று நாள்தான் இருந்தது. அரைக்க வேண்டிய மூட்டைகள் கடை வாசல் வரை அடுக்கியிருந்தன.

பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து பார்த்தார். “அண்ணே, 700 வெள்ளி கொடுங்க, ரெண்டே நாள்ல கம்பி சுத்தி ஓட விட்டுடுறேன்” என்றார். கணவருக்கும் அதுவே சரியென்று பட்டது. மனைவிதான் தடுத்தார். “பிரிச்சிட்டா அப்புறம் அவங்க நம்ம மேலயே பழி போடுவாங்க. முதல்ல எழுதிப் போடுவோங்க.”

அவர் சொன்னதே சரி. பல உத்தரவாதக் கோரிக்கைகள் தோற்பது கடிதத்தின் மொழியால் அல்ல, கடிதம் போவதற்கு முன்பே சான்று அழிந்துவிடுவதால்தான். கருகிய கம்பியை அறுத்தெடுத்துப் புதிதாகச் சுற்றிய பிறகு, பழுது எங்கிருந்து வந்தது என்று யாராலும் காட்ட முடியாது. உற்பத்தியாளரின் அனுமதியின்றிப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையும் பல உத்தரவாத அட்டைகளில் உண்டு.

கருகிய கம்பி சொல்லும் சேதி

மோட்டார் எரிந்தால் உற்பத்தியாளர் வழக்கமாக மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்வார். அளவுக்கு மீறிச் சரக்குப் போட்டீர்கள் என்பது ஒன்று. உங்கள் இடத்து மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் விட்டுப்போயிருக்கிறது என்பது இன்னொன்று. வயரிங் சரியில்லை என்பது மூன்றாவது. இவை வெறும் சாக்கு அல்ல. உண்மையிலேயே மோட்டார்கள் இப்படியும் எரிவதுண்டு. எது உண்மை என்பதற்கான தடயம் பெரும்பாலும் மோட்டாருக்குள்ளேயே இருக்கும்.

அளவுக்கு மீறிய பாரத்தால் எரிந்த மோட்டாரில் சுற்றுக்கம்பி முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி கறுத்திருக்கும். ஒரு ஃபேஸ் விட்டுப்போய் எரிந்திருந்தால் வளையத்தைச் சுற்றி ஒழுங்கான இடைவெளியில் சில சுருள்கள் கறுத்தும், நடுவில் உள்ளவை பளிச்சென்றும் இருக்கும். இந்த அளவு மோட்டார்கள் நம் நாட்டில் பெரும்பாலும் டெல்டா இணைப்பில் ஓடுவதால், மூன்று ஃபேஸ் சுருள்களில் ஒன்று மட்டும் முழுக்கக் கறுத்திருக்கும். ஸ்டார் இணைப்பு என்றால் இரண்டு கறுக்கும், ஒன்று தப்பிக்கும்.

கம்பியின் மேல் பூச்சு ஓரிடத்தில் பழுதாகி, பக்கத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி எரிந்திருந்தால் காட்சி வேறு. ஒரே ஓர் இடம் மட்டும் கருகியிருக்கும், மற்றதெல்லாம் புதுக் கம்பி போலவே இருக்கும். சில வாரமே ஓடிய மோட்டாரில் இப்படித் தெரிந்தால் தயாரிப்புக் குறை என்ற ஐயம் வலுவாகும். ஆனால் அதுவே இறுதித் தீர்ப்பு ஆகாது. இடி மின்னலால் மின்சாரம் திடீரென ஏறியதாலும் அப்படி நேரலாம்.

அதனால்தான் மோட்டாரைத் தனியாகப் பிரிக்காமல், உற்பத்தியாளரின் ஆளை வரவழைத்து இரு தரப்பும் சேர்ந்து திறந்து பார்க்க வேண்டும். கடிதத்தின் முதல் நோக்கம் அதுதான்.

எழுதுமுன் எடுத்து வைக்க வேண்டியவை

கணவன் மனைவி இருவரும் அன்றைக்கே மெயின் சுவிட்சை அடைத்துப் பூட்டினார்கள். பிறகு கைப்பேசியில் படம் எடுத்தார்கள். மோட்டாரின் பெயர்த்தகடு, இயந்திரத்தின் வரிசை எண், ஸ்டார்ட்டர் பெட்டி ஆகியவற்றோடு, அதற்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலேயின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதையும் படம் பிடித்தார்கள். இந்தக் கடைசிப் படம் முக்கியமானது. 7.5 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பாரத்தில் சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். முள் 11-இல் இருந்தால் பாதுகாப்பு சரியாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 16-இல் இருந்தால் உற்பத்தியாளர் அதையே பிடித்துக்கொள்வார்.

அவர்கள் கையில் இன்னொரு நல்ல சான்றும் இருந்தது. இயந்திரம் பொருத்திய அன்று, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன், மிளகாய் அரைபடும்போதே மூன்று ஃபேஸிலும் மின்னோட்டத்தை அளந்து ரசீதின் பின்புறம் எழுதியிருந்தார்: 9.2, 9.4, 9.3 ஆம்பியர். மூன்றும் ஏறக்குறைய சமம், 11-க்கும் கீழே. பாரமும் வயரிங்கும் தொடக்கத்தில் சரியாக இருந்தன என்பதை இந்த ஒரே வரி காட்டிவிடுகிறது. புதிய இயந்திரம் பொருத்தும் யாரும் அன்றே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் கேட்டால் கிடைக்காது.

அதே வயர்மேனை மறுபடி அழைத்தார்கள். இயந்திரத்துக்கு வரும் மூன்று ஃபேஸ் மின்சாரமும் ஒழுங்காக இருக்கிறதா என்று அவர் அளந்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மோட்டாரின் மூடியை அவர் தொடவில்லை.

கடிதம்

உற்பத்தியாளருக்கு அனுப்பும் கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். அதன் அடக்கம் தமிழில் இப்படி அமையும்:

“பொருள்: உத்தரவாதக் கோரிக்கை. மசாலை அரைவை இயந்திரம், மாடல் எண், வரிசை எண், இன்வாய்ஸ் எண். பொருத்திய நாள் மார்ச் 3. பழுதான நாள் ஏப்ரல் 11.

ஏப்ரல் 11 காலை 10.20 மணிக்கு, உலர்ந்த மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது மோட்டாரிலிருந்து கருகிய வாடை வந்தது. ஸ்டார்ட்டர் தானாக நின்றது. ஒரு முறை மட்டும் ரீசெட் செய்தோம். மோட்டார் சுற்றாமல் உறுமியது, சில விநாடிகளில் மறுபடி நின்றது. அதன் பின் இயக்கவில்லை. அதுவரை இயந்திரம் நாளுக்குச் சுமார் 4 மணி நேரம், மொத்தம் ஏறத்தாழ 130 மணி நேரம் ஓடியிருக்கும்.

பொருத்திய அன்று பாரத்தோடு அளந்த மின்னோட்டம் 9.2, 9.4, 9.3 ஆம்பியர். தாங்கள் கொடுத்த ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே 11 ஆம்பியரில் உள்ளது. பழுதான பின் மின்சாரத்தை அளந்த வயர்மேனின் குறிப்பை இணைத்துள்ளோம்.

மோட்டாரை யாரும் பிரிக்கவில்லை. தங்கள் தொழில்நுட்பர் 7 வேலை நாள்களுக்குள் வந்து, எங்கள் முன்னிலையில் திறந்து பார்த்து, காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறோம். உத்தரவாதத்தின்படி மோட்டாரை இலவசமாகப் பழுதுபார்த்தோ மாற்றியோ தரவும், போக்குவரத்துச் செலவை ஏற்கவும் கோருகிறோம்.

இணைப்பு: இன்வாய்ஸ், உத்தரவாத அட்டை, வயர்மேனின் இரண்டு குறிப்புகள், 8 படங்கள்.”

இந்தக் கடிதத்தில் ‘மட்டமான மோட்டார்’, ‘ஏமாற்றிவிட்டீர்கள்’ போன்ற சொற்கள் இல்லை. காரணம் இன்னது என்று அடித்துச் சொல்லவும் இல்லை. கண்டதும் அளந்ததும் மட்டுமே இருக்கின்றன. காரணத்தை நாமே ஊகித்து எழுதி, அது தவறென்று தெரிந்தால் மற்ற வரிகளின் மேலும் நம்பிக்கை போய்விடும். ரீசெட் செய்ததை மறைக்காததும் அதனால்தான். வந்து பார்க்கும் தொழில்நுட்பர் அதைக் கேட்கத்தான் செய்வார்.

புத்தாண்டு வியாபாரம் போன நட்டத்தை அவர்கள் இதில் சேர்க்கவில்லை. வருமான இழப்பை ஏற்க மாட்டோம் என்று பெரும்பாலான உத்தரவாத அட்டைகளில் எழுதியிருக்கும். அதை முதல் கடிதத்திலேயே கேட்டால் பேச்சு அதன் பக்கம் திரும்பி, மோட்டார் பின்னுக்குப் போய்விடும். ஆனாலும் மூட்டைகளை வேறு மில்லில் அரைத்ததற்கான ரசீதுகளை அவர்கள் பத்திரப்படுத்தினார்கள்.

கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினார்கள். விற்பனையாளரிடம் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ பேசியிருந்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் புகார் எழுத்தில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுவே ஆதாரம்.

பதில் வந்தபோது

நான்காம் நாள் வந்த பதிலில், “ஃபேஸ் விட்டுப்போனதால் எரிந்திருக்கிறது, உத்தரவாதத்தில் வராது” என்று இருந்தது. மோட்டாரைப் பார்க்காமலே எழுதிய பதில் அது. இதற்குக் கோபப்பட்டு நீண்ட மறுமொழி எழுதத் தேவையில்லை. எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் இந்த முடிவு, திறந்து பார்க்க எந்த நாளில் வருகிறீர்கள் என்று இரண்டே கேள்விகளை எழுதி அனுப்பினார்கள்.

தொழில்நுட்பர் வந்தார். மூடியைக் கழற்றியபோது ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி கருகியிருந்தது. ஒழுங்கான இடைவெளியில் கறுத்த சுருள்கள் எதுவும் இல்லை. அந்த நிலையிலேயே இரு தரப்பும் படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் புதிய மோட்டார் வந்தது. போக்குவரத்தை உற்பத்தியாளர் ஏற்றார், வருமான இழப்பை ஏற்கவில்லை. புதிய மோட்டாருக்கு உத்தரவாதம் இன்று முதல் 12 மாதமா, பழைய காலத்தில் மிச்சமா என்று கேட்டு, அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

மறுத்தே விட்டால்?

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆனால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகத்துக்குப் பொருள் வாங்குவோருக்கானது. தொழிலுக்கு வாங்கிய மில் இயந்திரம் பெரும்பாலும் அதில் அடங்காது.

தீபகற்ப மலேசியாவில் இவர்களுக்குத் துணை, 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். அதன் 16-ஆவது பிரிவின்படி, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். ஆயினும் ஒப்பந்தத்தில் எழுதி இந்தப் பொறுப்பை விலக்கிக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. எனவே இன்வாய்ஸின் பின்புறம் உள்ள பொடி எழுத்தையும் படித்துவிட்டே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடுக்க 6 ஆண்டு கால வரம்பு இருக்கிறது.

அங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது, மோட்டார் எந்த நிலையில் இருந்தது, எப்போது எழுத்தில் சொன்னீர்கள் என்பவற்றைத்தான். 700 வெள்ளிக்குக் கம்பி சுற்றியிருந்தால் இவர்களிடம் அதற்குப் பதில் இருந்திருக்காது.